சோடியம் 110, பொட்டாசியம் 2.4: எதை முதலில் ஏற்றுவது?

"சார், நான் வடசென்னையில் சி.ஆர்.ஐ. முடிக்கப் போகிறேன், பிஜி நுழைவுத் தேர்வுக்குப் படிக்கிறேன். தண்டையார்பேட்டை அம்மா ஒருவர், வயது 66, எடை 50 கிலோ, பி.பி. மாத்திரை சாப்பிடுகிறார். மூன்று நாளாக வாந்தி, பேச்சில் குழப்பம், ஆட்டோவில் வரும்போது ஒரு முறை வலிப்பு. சோடியம் 110, பொட்டாசியம் 2.4. இப்படிச் சின்னக் கேஸ் கொடுத்தால் எந்த வரிசையில் எழுதுவது? சோடியத்தை மெதுவாக ஏற்று என்கிறார்கள், 3 சதவீத சலைன் உடனே போடு என்றும் சொல்கிறார்கள். பொட்டாசியத்தைத் தனியாகப் பார்த்துக்கொண்டால் போதுமா?"

போதாது. இந்தக் கேஸின் முடிச்சே அங்கேதான் இருக்கிறது. பொட்டாசியம் ஏற்றினால் சோடியமும் கூடவே ஏறும். இரண்டுக்கும் தனித்தனிக் கணக்கு எழுதுகிறவர் மறுநாள் காலையில் சோடியத்தை எதிர்பாராத உயரத்தில் பார்ப்பார்.

ஏன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பரீட்சையில் இதைத்தான் கிளறுவார்கள். இரத்தத்தில் நாம் அளக்கும் சோடியம், உடம்பில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்பதை மட்டும் காட்டுவதில்லை. உடம்பில் இருக்கும் சோடியம், பொட்டாசியம் இரண்டையும் கூட்டி, மொத்தத் தண்ணீரால் வகுத்தால் வருகிற எண்ணை ஒட்டித்தான் அது இருக்கிறது. 1958-லேயே எடல்மன் குழுவினர் இதை அளந்து காட்டிவிட்டார்கள். பொட்டாசியம் குறைந்தவருக்கு நாம் கொடுக்கும் பொட்டாசியம் தசைச் செல்லுக்குள் போகும்போது, உள்ளே அடைந்திருந்த சோடியம் வெளியே வரும். அல்லது பொட்டாசியம் குளோரைடோடு உள்ளே போய்த் தண்ணீரையும் தன்னோடு இழுத்துக்கொள்ளும். எந்த வழியில் போனாலும் வெளியே சோடியத்தின் அடர்த்தி கூடும்.

எண்ணில் பார்ப்போம். மில்லி ஈக்குவலன்டை வார்டில் சொல்கிற மாதிரி 'மெக்' என்றே எழுதுகிறேன். வயதான பெண்ணின் உடம்பில் தண்ணீர் எடையில் ஏறத்தாழ 45 சதவீதம். 50 கிலோவுக்கு 22.5 லிட்டர். பொட்டாசியம் குளோரைடு ஆம்பியூல் ஒன்று 10 மில்லி, அதில் 20 மெக். வாய்வழி சிரப்பில் 15 மில்லிக்கு அதே 20 மெக். இருபதை 22.5-ஆல் வகுத்தால் 0.9. ஆக, ஒரு ஆம்பியூலோ மூன்று டீஸ்பூன் சிரப்போ, எதைக் கொடுத்தாலும் சோடியம் கிட்டத்தட்ட 1 ஏறும். ஒரு நாளில் 100 மெக் பொட்டாசியம் கொடுத்தால் சோடியம் 4-க்கு மேல் ஏறிவிடும், ஒரு சொட்டு சலைன்கூடப் போடாமலே. பொட்டாசியம் 2.4 இருப்பவருக்கு மொத்தப் பற்றாக்குறை 200 முதல் 300 மெக் வரை இருக்கலாம். அதை ஒரே ராத்திரியில் அடைக்கப் பார்த்தால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

சரி, இந்த அம்மா இங்கே எப்படி வந்து சேர்ந்தார்? ராயபுரம், காசிமேடு, கொருக்குப்பேட்டைப் பக்கம் கோடையில் டியூட்டி பார்த்தவர்களுக்கு இந்தக் கதை மனப்பாடம். பி.பி.க்கு இரட்டை மருந்து சேர்ந்த மாத்திரை ஒன்று. பெயரின் வாலில் ஒட்டியிருக்கும் 'எச்' என்ற எழுத்து ஹைட்ரோகுளோரோதயசைடு. பல் போனதால் சாப்பாடு இறங்காது, காலையில் டீயும் பொறையும், ராத்திரி கொஞ்சம் கஞ்சி. அக்னி நட்சத்திரம் தொடங்கியதும் பக்கத்து வீட்டுக்காரர்கள் "நிறையத் தண்ணி குடிம்மா" என்று சொல்ல, சொம்பு சொம்பாகக் குடிக்கிறார். பிறகு வாந்தி. தெருமுனை கிளினிக்கில் "ஒரு குளுக்கோஸ் பாட்டில் ஏத்துங்க" என்று மகன் கேட்க, 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் அரை லிட்டர் ஏறுகிறது. அந்தச் சர்க்கரை எரிந்துபோனதும் மிச்சம் வெறும் தண்ணீர்தான். அதோடு 'பாட்டில் ஏற்றினோம்' என்று வீட்டார் சொன்னால் எந்த பாட்டில் என்று கேட்க மறக்காதீர்கள். டி.என்.எஸ்.-க்கும் வெறும் டெக்ஸ்ட்ரோஸுக்கும் இந்த இடத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

ஃப்யூரோசமைடு இவ்வளவு மோசமாக ஏன் செய்வதில்லை என்று வைவாவில் கேட்பார்கள். ஃப்யூரோசமைடு சிறுநீரகத்தின் உள்பகுதியில் இருக்கும் உப்புச் செறிவையே கலைத்துவிடுகிறது, அதனால் ஏ.டி.எச். எவ்வளவு கூவினாலும் தண்ணீரைத் திரும்ப உறிஞ்ச முடியாது. தயசைடு வேலை செய்வது வெளிப்புறணியில் இருக்கும் டிஸ்டல் குழாயில். சிறுநீரை நீர்க்கச் செய்யும் திறன் கெடுகிறது, உறிஞ்சும் திறன் அப்படியே இருக்கிறது. கூடவே சோடியமும் பொட்டாசியமும் சிறுநீரில் போய்க்கொண்டே இருக்கின்றன. வாந்தி வந்ததும் ஏ.டி.எச். இன்னும் ஏறுகிறது. வயதான, மெலிந்த பெண்கள் இதில் விழுவது அதிகம். பெரும்பாலும் மாத்திரை தொடங்கிய முதல் சில வாரங்களில் வரும். ஆனால் வருடக்கணக்காகச் சாப்பிட்டவருக்கும் ஒரு வயிற்றுப்போக்கு போதும், தூக்கிவிடும்.

இனி காஷுவாலிட்டிக்கு வருவோம். இரவு 8 மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். விரல் நுனியில் சர்க்கரை 118, அதனால் சர்க்கரை கூடியதால் வந்த போலிக் குறைவு இல்லை. (சர்க்கரை 600, 700 இருந்திருந்தால், 100-க்கு மேல் உள்ள ஒவ்வொரு நூறுக்கும் சோடியத்தோடு 1.6 சேர்த்துப் பார்க்க வேண்டும்.) யூரியா 22, கிரியேட்டினின் 0.8, பைகார்பனேட் 30. பி.பி. 100/60, நாடி 104, நாக்கு உலர்ந்திருக்கிறது. இ.சி.ஜி.யில் டி அலை தட்டையாகி, யு அலை தெரிகிறது, கியூ.டி. நீண்டிருக்கிறது. சலைன் தொடங்கும் முன்பே சிறுநீர் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்: ஆஸ்மோலாலிட்டி, சோடியம், பொட்டாசியம். பாட்டில் ஓடிய பிறகு எடுக்கும் சிறுநீர் பாதிக் கதையை அழித்துவிட்டிருக்கும். ஆனால் அந்த ரிசல்ட்டுக்காக வலிப்பு வந்தவரைக் காக்க வைக்கக் கூடாது.

வலிப்பு வந்திருக்கிறது, குழப்பம் இருக்கிறது. இது மூளை வீங்கியிருப்பதன் அறிகுறி. இங்கே 'மெதுவாக' என்ற சொல்லுக்கு இடமில்லை. 3 சதவீத சலைன் 100 மில்லி, 10 நிமிடத்தில், கையில் போட்டிருக்கும் சாதாரண ஊசி வழியாகவே. சென்ட்ரல் லைன் போடும் வரை காத்திருப்பது தவறு. தேவைப்பட்டால் அதே அளவு மீண்டும், மொத்தம் மூன்று முறை வரை. ஐரோப்பிய வழிகாட்டியில் 150 மில்லியை 20 நிமிடத்தில் என்றிருக்கும். பரீட்சையில் எதை எழுதினாலும் சரி, ஒன்றை எழுதி அதிலேயே நில்லுங்கள். 3 சதவீதத்தில் லிட்டருக்கு 513 மெக் சோடியம். ஏறும் அளவுக்கு இந்தச் சூத்திரம்:

ΔNa = (Na + K − serum Na) / (TBW + 1)

அடைப்புக்குள் முதலில் வரும் இரண்டும் பாட்டிலில் உள்ள சோடியமும் பொட்டாசியமும், ஒரு லிட்டருக்கு. இந்த அம்மாவுக்கு 513-லிருந்து 110 கழித்து 23.5-ஆல் வகுத்தால் 17. அது ஒரு லிட்டருக்கு. 100 மில்லிக்கு 1.7. இரண்டு பாட்டிலுக்கு மூன்றரை. மூளை வீக்கம் இறங்க 4 முதல் 6 ஏறினாலே போதும்; அதற்கு மேல் உடனடியாக ஏற்றுவதால் கூடுதல் பலன் இல்லை. ஆகவே இரண்டு பாட்டில் போனதும் சோடியம் 114, கண் திறந்து மகன் பெயரைச் சொல்கிறார் என்றால் மூன்றாவது பாட்டிலைத் தொடாதீர்கள்.

'மெதுவாக' என்ற சொல் இப்போதுதான் உள்ளே வருகிறது. 24 மணி நேரத்துக்கான எல்லையைத் தாளின் மேலே பெரிதாக எழுதுங்கள். பொட்டாசியம் குறைவு, சத்துக்குறைவு, குடிப்பழக்கம், ஈரல் நோய், சோடியம் 105 அல்லது அதற்குக் கீழ்: இவற்றில் ஒன்று இருந்தாலும் நாளொன்றுக்கு 8-க்கு மேல் ஏறக் கூடாது. இந்த அம்மாவுக்கு முதல் இரண்டுமே இருக்கின்றன. 110-ல் வந்தவர், நாளை இரவு 8 மணிக்கு 118-ஐத் தாண்டக் கூடாது. நம் குறி 116. எல்லையும் குறியும் ஒன்றல்ல. 8 என்பது தாண்டக் கூடாத கோடு, 6 என்பது போய் நிற்க வேண்டிய இடம். முதல் ஒரு மணி நேரத்தில் 4 ஏற்றிவிட்டோம். மிச்சம் 23 மணி நேரத்துக்குக் கையில் இருப்பது வெறும் 4. பொட்டாசியமும் அதற்குள்தான் அடங்க வேண்டும்.

ஆனால் பொட்டாசியத்தைத் தள்ளிப் போடவும் முடியாது, கியூ.டி. நீண்டிருக்கிறது. வாந்திக்கு ஆண்டன்செட்ரான் ஊசியைப் பழக்கதோஷத்தில் எழுதிவிடுவோம், பொட்டாசியம் 2.4, கியூ.டி. நீளம் என்ற நிலையில் அது தாளத்தைக் கெடுக்கலாம் என்பது நினைவிருக்கட்டும். கையில் இருக்கும் ஊசி வழியாக மணிக்கு 10 மெக்குக்கு மேல் வேண்டாம், அடர்த்தி லிட்டருக்கு 40 மெக்குக்கு மேல் வேண்டாம். அரை லிட்டர் நார்மல் சலைனில் ஒரு ஆம்பியூல் கலந்து இரண்டு மணி நேரத்தில் விடலாம். ஆம்பியூலை நேராக ஊசியில் ஏற்றித் தள்ளுவது எந்தக் காலத்திலும் கிடையாது, இதயம் நின்றுவிடும். கலந்ததும் பாட்டிலைத் தலைகீழாக்கி நன்றாகக் குலுக்க வேண்டும். இல்லாவிட்டால் பொட்டாசியம் அடியில் தங்கி முதல் சில மில்லியில் மொத்தமாகப் போய்விடும். இதைச் சிஸ்டரிடம் சொல்லிவிட்டு நகராமல் ஒரு முறை நின்று பாருங்கள்.

இந்த ஒரு பாட்டில் சோடியத்தை எவ்வளவு ஏற்றும்? நார்மல் சலைனில் 154, பொட்டாசியம் லிட்டருக்கு 40, மொத்தம் 194. அதிலிருந்து 114 கழித்து 23.5-ஆல் வகுத்தால் 3.4, அரை லிட்டருக்கு 1.7. ஒரு பாட்டிலிலேயே 116-ஐத் தொடப் போகிறோம். அதனால் இந்த ஒன்றோடு நிறுத்திவிட்டு, வாந்தி அடங்கியதும் சிரப்புக்கு மாறுவது நல்லது. சிரப்பைத் தண்ணீரில் கலந்து கொடுப்பார்கள். அந்தத் தண்ணீரையும் கணக்கில் எழுதுங்கள். கூடவே மக்னீசியம் பாருங்கள். அது குறைந்திருந்தால் சிறுநீரகம் பொட்டாசியத்தைப் பிடித்து வைக்காது. ஓட்டைக் குடத்தில் ஊற்றுகிற மாதிரிதான். 50 சதவீத மக்னீசியம் சல்ஃபேட் 4 மில்லி, அதாவது 2 கிராம், 100 மில்லியில் கலந்து ஒன்றிரண்டு மணி நேரத்தில்.

இதுவரை எழுதியவர்களுக்கு மார்க் கிடைத்துவிடும். நோயாளி தப்புவது இதற்கு அடுத்த கட்டத்தில். அந்தச் சூத்திரத்துக்குத் தெரிந்தது மேலே தொங்கும் பாட்டில் மட்டும்தான். கீழே தொங்கும் சிறுநீர்ப் பையை அது பார்ப்பதில்லை.

நான் பிஜி முதல் வருடம் இருந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். எந்த மருத்துவமனை என்பது வேண்டாம். இதே மாதிரி ஒரு அம்மா, சோடியம் 108. நான் கணக்குப் போட்டேன்: ஒரு லிட்டர் நார்மல் சலைன் போட்டால் சோடியம் 2 ஏறும், பத்திரமான சரக்கு, ராத்திரி முழுக்க ஓடட்டும். பொட்டாசியத்துக்குத் தனியாக 60 மெக் எழுதினேன்; அதைச் சோடியக் கணக்கில் சேர்க்கத் தோன்றவே இல்லை. ராத்திரி சிறுநீர்ப் பை இரண்டு முறை நிறைந்தது. சிஸ்டர் "டாக்டர், யூரின் நல்லாப் போகுது" என்றார். கிட்னி பிழைத்தது என்று நானும் சந்தோஷப்பட்டேன். காலையில் சோடியம் 125. அந்த அம்மா எழுந்து உட்கார்ந்து இட்லி சாப்பிட்டார். ரவுண்ட்ஸில் என்னைப் பாராட்டினார்கள். நான்காம் நாள் பேச்சு குழறியது. ஐந்தாம் நாள் தண்ணீர் விழுங்க முடியவில்லை, கைகால் விறைத்தது. ஆஸ்மாட்டிக் டிமைலினேஷன் எப்போதும் இப்படித்தான், முதலில் நன்றாகித் தேறியதுபோல் காட்டி, இரண்டிலிருந்து ஆறு நாள் கழித்து வரும். எம்.ஆர்.ஐ. எடுத்தோம், நார்மல் என்று வந்தது. ஆரம்பத்தில் அப்படி வரலாம், மாற்றம் தெரிய வாரங்கள்கூட ஆகலாம் என்று பிறகுதான் படித்தேன்.

நடந்தது என்ன? அந்த அம்மாவின் ஏ.டி.எச். ஏறியிருந்ததற்குக் காரணம் உடம்பில் நீர்ச்சத்தும் உப்பும் வற்றியதும், வாந்தியும், தயசைடும். ஒரு லிட்டர் சலைன் போனதும் இரத்த ஓட்டம் நிறைந்தது, வாந்தி நின்றது, மாத்திரையின் வேகம் இறங்கிக்கொண்டிருந்தது. ஏ.டி.எச். விட்ட அந்த நொடியில் சிறுநீரகம் கதவைத் திறந்துவிட்டது. 22.5 லிட்டர் உடம்பிலிருந்து ஒரு லிட்டர் வெறும் தண்ணீர் வெளியேறினால் சோடியம் 5 ஏறும். அதை ஏற்றியது நான் போட்ட பாட்டில் அல்ல, சிறுநீரகமே ஏற்றிக்கொண்டது.

ஆகவே நம் கேஸுக்குத் திரும்பினால், இரவு 2 மணி. சோடியம் 116. சிறுநீர் மணிக்கு 40 மில்லி என்றிருந்தது, இப்போது 250 மில்லி, நிறமே இல்லாமல் தண்ணீர்போல. மணிக்கு 100 மில்லியைத் தாண்டியதுமே எழுப்பச் சொல்லி சிஸ்டரிடம் முன்கூட்டியே எழுதி வைத்திருக்க வேண்டும். இந்த ஒரு வரியை ஆர்டர் ஷீட்டில் எழுதுகிறவர்கள் மிகக் குறைவு. ஆஸ்மோலாலிட்டி ரிசல்ட் வரத் தாமதமானால், சிறுநீரின் சோடியம், பொட்டாசியம் இரண்டையும் கூட்டிப் பாருங்கள். 30-ம் 20-ம் சேர்ந்து 50 என்று வருகிறது, இரத்தத்தில் சோடியம் 116. அப்படியானால் போகிற 250 மில்லியில் ஏறத்தாழ 140 மில்லி உப்பே இல்லாத வெறும் தண்ணீர். அந்தக் கணக்கில் மணிக்கு 0.7 ஏறும். தூங்கப் போய்விட்டு மதியம் வந்து பார்த்தால் 123.

இங்கே செய்ய வேண்டியவை இரண்டு. சலைன் ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்துங்கள். டெஸ்மோபிரஸ்ஸின் 2 மைக்ரோகிராம், ஆம்பியூலில் 4 இருக்கும், பாதி, நரம்பிலோ தோலுக்கடியிலோ. சிறுநீர் மறுபடி கெட்டியாகும், சோடியம் அங்கேயே நிற்கும். தேவைப்பட்டால் 8 மணி நேரம் கழித்து இன்னொரு தரம். சோடியம் குறைந்தவருக்குத் தண்ணீரைத் தேக்கும் மருந்தா என்று மற்றவர்கள் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை. ஆனால் இது போட்ட பிறகு அவர் இஷ்டத்துக்குத் தண்ணீர் குடித்தால் சோடியம் மறுபடி விழும். கட்டில் பக்கத்தில் வைத்திருக்கும் சொம்பை எடுத்து மகனிடம் கொடுத்துவிட்டு ஏன் என்று சொல்லிவிடுங்கள்.

காலை 6 மணிக்கு 118 வந்துவிட்டது என்றால் கோட்டில் நிற்கிறோம். சிரப் இன்னும் கொடுக்க வேண்டியிருக்கிறது, நாள் முடிய 14 மணி நேரம் இருக்கிறது. இப்போது 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ், கிலோவுக்கு 6 மில்லி வீதம் 300 மில்லி, இரண்டு மணி நேரத்தில். தெருமுனை கிளினிக்கில் தவறாகப் போன அதே பாட்டில் இங்கே மருந்தாகிறது. டெக்ஸ்ட்ரோஸ் இன்சுலினைத் தூண்டிப் பொட்டாசியத்தைக் கொஞ்சம் உள்ளே தள்ளும், அதனால் சிரப்பை நிறுத்தாதீர்கள். 20 மெக் வீதம் மூன்று வேளை கொடுத்தால் சோடியம் 2.7 ஏற்றும், இந்த 300 மில்லி டெக்ஸ்ட்ரோஸ் அதில் 1.5-ஐத்தான் ஈடுகட்டும், அதனால் சோடியத்தை மறுபடி பார்த்து, தேவைப்பட்டால் அதே அளவு இன்னொரு தரம். இரவு 8 மணிக்கு சோடியம் 117, பொட்டாசியம் 3.1 என்று நின்றால் அது நல்ல சிகிச்சை. பொட்டாசியம் 4-ஐத் தொடவில்லையே என்று கவலைப்பட வேண்டாம், அதற்கு இன்னும் இரண்டு மூன்று நாள் இருக்கிறது.

இரத்தம் எடுப்பதில் ஒரு சின்ன விஷயம். முதல் ஆறு மணி நேரம் இரண்டு மணிக்கொரு முறை, அப்புறம் நான்கு மணிக்கொரு முறை பாருங்கள். பாட்டில் ஓடும் கையில் எடுக்காதீர்கள். ஏ.பி.ஜி. மெஷினில் சோடியம் நிமிடத்தில் வந்துவிடும், வசதிதான். ஆனால் மெஷினுக்கும் லேபுக்கும் 3, 4 வித்தியாசம் வருவது உண்டு. ஒரு முறை இது, ஒரு முறை அது என்று பார்த்தால் ஏறாத சோடியம் ஏறினதுபோலத் தெரியும். எதில் தொடங்கினீர்களோ அதிலேயே தொடருங்கள்.

வேகமாக ஏறியவர்களிடம் இறப்பு குறைவாக இருந்தது என்று சமீப ஆண்டுகளில் சில ஆய்வுகள் வந்திருக்கின்றன. உங்கள் சீனியர்களில் யாராவது இதைச் சொல்லி வாதாடலாம். அவை பழைய கேஸ் ஷீட்டுகளைத் திரும்பிப் பார்த்தவை. சோடியம் தானாக வேகமாக ஏறுகிறவர் பெரும்பாலும் திருத்தக்கூடிய காரணம் உள்ளவராக இருப்பார். ஈரலும் இதயமும் கெட்டவரிடம்தான் அது அசையாது. அந்த வேறுபாட்டை முழுமையாகப் பிரித்தெடுப்பது கடினம். லேசான குறைவு உள்ளவரைத் தேவையில்லாமல் இழுத்தடிக்கக் கூடாது என்பதை ஏற்கிறேன். பொட்டாசியம் 2.4, டீயும் பொறையும் தின்று மெலிந்த உடம்பு என்றால் நான் 8-ஐ விட்டு நகர மாட்டேன்.

பரீட்சைத் தாளில் இவ்வளவும் எழுத இடம் இருக்காது. ஆறேழு வாக்கியத்தில் இப்படி முடிக்கலாம்: "தயசைடால் வந்த, வலிப்போடு கூடிய கடும் ஹைப்போநேட்ரீமியா, கூடவே ஹைப்போகலீமியா. 3% சலைன் 100 மில்லி 10 நிமிடத்தில், அறிகுறி நீங்கும் வரை, அதிகபட்சம் மூன்று முறை. உடனடிக் குறி 4 முதல் 6. பொட்டாசியக் குறைவு இருப்பதால் 24 மணி நேர எல்லை 8. பொட்டாசியம் மணிக்கு 10 மெக் வரை, அதைச் சோடியக் கணக்கிலேயே சேர்த்து, மக்னீசியம் பார்த்து. தயசைடு நிறுத்தம். சிறுநீர் மணிக்கு 100 மில்லியைத் தாண்டினால் டெஸ்மோபிரஸ்ஸின், எல்லையைத் தொட்டால் 5% டெக்ஸ்ட்ரோஸ்." கடைசி வாக்கியத்தை எழுதுகிறவர்களைத் திருத்துபவர் தனியாகக் கவனிப்பார்.

கேள்வியில் சில எண்களை மாற்றிக் கொடுப்பதும் வழக்கம். சோடியம் 118, ஆனால் பொட்டாசியம் 6.6, பி.பி. 80/50, சர்க்கரை 60. எச் மாத்திரையை மறந்துவிடுங்கள், இது அட்ரீனல். உதட்டிலும் ஈறிலும் கறுமை இருக்கிறதா, காசநோய் வைத்தியம் பார்த்தாரா என்று கேளுங்கள். நம் ஊரில் அட்ரீனலைக் காசநோய் தின்றுவிட்ட கேஸ்கள் இன்னும் வருகின்றன. கார்டிசாலுக்கு இரத்தம் எடுத்துவிட்டு ரிப்போர்ட்டுக்குக் காத்திராமல் ஹைட்ரோகார்டிசோன் 100 மில்லிகிராம் நரம்பில், கூடவே நார்மல் சலைன். இ.சி.ஜி. மாறியிருந்தால் 10 சதவீத கால்சியம் குளுக்கோனேட் 10 மில்லி, மூன்று முதல் ஐந்து நிமிடத்தில், மானிட்டரைப் பார்த்துக்கொண்டே. அது பொட்டாசியத்தைக் குறைக்காது, இதயத்துக்குச் சற்று நேரம் வாங்கித் தரும். ரெகுலர் இன்சுலின் 10 யூனிட்டும் 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 100 மில்லியும் என்று எழுதும் முன், இவருக்குச் சர்க்கரை ஏற்கெனவே 60 என்பதைப் பாருங்கள். கார்டிசால் இல்லாத உடம்பு இன்சுலினைத் தாங்காது. கூடுதல் டெக்ஸ்ட்ரோஸோடு, ஆறு மணி நேரம் வரை மணிக்கொரு முறை சர்க்கரை பார்த்து, அதுவும் கட்டாயம் என்றால்தான். இங்கேயும் அதே பொறி காத்திருக்கிறது: கார்டிசால் குறைவே ஏ.டி.எச்.ஐ ஏற்றி வைத்திருந்தது, ஹைட்ரோகார்டிசோன் போனதும் சிறுநீர் கொட்டத் தொடங்கும். பையைப் பாருங்கள்.

நம் தண்டையார்பேட்டை அம்மாவை ஆறு, ஏழு நாளில் வீட்டுக்கு அனுப்பும்போது ஓ.பி. நோட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் 'தயசைடு இனி ஒருபோதும் கூடாது' என்று எழுதுங்கள். குளோர்தாலிடோன், இண்டப்பமைடு இரண்டும் இதே கூட்டம்தான், அந்தப் பெயர்களையும் சேர்த்து எழுதுங்கள். வேறு கிளினிக்கில் வேறு பெயரில் அதே மருந்தை எழுதிவிடுவார்கள், மெடிக்கல் ஷாப்பில் பழைய அட்டையைக் காட்டியும் வாங்கிவிடுவார்கள். அதனால் வீட்டில் மிச்சம் இருக்கும் அட்டையை மகனைக் கொண்டுவரச் சொல்லி, உங்கள் கையாலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பி.பி.க்கு அம்லோடிபின் போதும். ஒரு வாரம் கழித்து சோடியம், பொட்டாசியம் இரண்டும் மறுபடி பார்க்க வேண்டும், அந்தத் தேதியையும் அதே பக்கத்தில் எழுதிவிடுங்கள்.